‘சொட்டு’ உடைந்து தெரிந்தால்: தமிழ்ப் பிடிஎஃப்புடன் வரும் மெயில்

வணக்கம் மேடம்,

சொட்டுநீர்ப் பாசனப் பராமரிப்புக் கையேட்டின் தமிழாக்கம் முடிந்துவிட்டது. இந்த மெயிலுடன் நான்கு ஃபைல்கள் இருக்கின்றன. நீங்கள் படித்துப் பார்க்க வேண்டியதும், உங்கள் களப் பணியாளர்களுக்கு அனுப்ப வேண்டியதும் `sottuneer-ta-v1.pdf` ஒன்றுதான். பிழைகளைத் திருத்தியபின் அச்சுக்குப் போவதும் பிடிஎஃப்தான். `sottuneer-ta-v1.odt` நான் வேலை செய்த மூல ஃபைல். `sottuneer-ta-v1.txt` வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் எழுத்து. `page9.png` என்பது என் திரையில் 9-ம் பக்கம் எப்படித் தெரிகிறது என்பதற்கான படம்.

மெயில் கொஞ்சம் நீளம். எல்லாவற்றையும் இப்போதே படிக்க வேண்டியதில்லை. திரையிலோ தாளிலோ ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால், அது எப்படித் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஆனால் பிழை தெரிவிப்பது பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை மட்டும், சரிபார்க்கப் போகிற இரண்டு பேரும் வேலையைத் தொடங்கும் முன்பே படித்துவிடட்டும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: சொட்டு. இந்தக் கையேட்டில் அது கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் வருகிறது. அதோடு, அதன் முதல் எழுத்தான ‘சொ’ தமிழில் சீக்கிரம் உடைகிற எழுத்து. ச-வுக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால். கணினிக்குள் முதலில் ச இருக்கும், அதற்குப் பின்னால் ‘ொ’ என்ற குறி இருக்கும். திரையில் வரையும்போது கொம்பு ச-வைத் தாண்டி முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் எங்கே தவறினாலும் ‘சொட்டு’ ஒவ்வொரு விதமாக உடையும். எந்த விதத்தில் உடைந்திருக்கிறது என்று பார்த்தாலே, குற்றம் எங்கே என்று சொல்லிவிடலாம்.

எதைத் தேடும் முன்பும் ஒரு சோதனை

பிடிஎஃப்பைத் திறந்து 9-ம் பக்கத்துக்குப் போங்கள். பக்கத்தில் `page9.png` படத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எழுத்துரு, வரி, அட்டவணை எதிலும் சிக்கல் இல்லை. அதற்குப் பிறகு கண்ணில் படுகிற பிழை எல்லாம் என் மொழிபெயர்ப்புப் பிழை, அது எனக்கு வந்து சேர வேண்டியது. இரண்டும் வேறுபட்டால் முதலில் கீழே உள்ளவற்றைப் பாருங்கள். அந்த நிலையில் யாரும் எழுத்துப் பிழை திருத்த உட்கார வேண்டாம். ஃபைலில் இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

9-ம் பக்கம் என்று நான் சொல்வது, தாளின் அடியில் அச்சாகியிருக்கும் எண். அட்டைக்கும் உள்ளடக்கத்துக்கும் எண் போடவில்லை. அதனால் பிடிஎஃப் மேலே காட்டுகிற எண் எப்போதும் இரண்டு கூடுதலாக இருக்கும்: அடியில் 9 என்றால் மேலே 11. இந்த மெயில் முழுக்க அடியில் உள்ள எண்ணையே சொல்கிறேன், நீங்களும் அதையே சொல்லுங்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, அல்லது எழுத்தின் முகமே வேறாக இருக்கிறது

கட்டம் தெரிந்தால், அந்த எழுத்தை வரைய அந்தக் கணினியில் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். பிடிஎஃப்பில் இது வரக்கூடாது, ஏனென்றால் எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பொதிந்து அனுப்பியிருக்கிறேன். பத்திகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கும் அட்டவணைக்கும் நோட்டோ சேன்ஸ் தமிழ். இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. ஃபைலில் பொதிக்கவும் அச்சிடவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். உங்கள் நிறுவனம் வேறு யாரிடமாவது மறுபதிப்பு கொடுத்தாலும் அதில் சிக்கல் வராது. அதற்காகவே இவற்றை எடுத்தேன்.

பொதிந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். அடோபி ரீடரில் `Ctrl+D` அழுத்தி, `Fonts` என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் `Embedded Subset` என்று இருக்க வேண்டும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் ஃபைலுக்குள் வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். அச்சகத்தில் கட்டளை எழுதிப் பார்க்கிறவர் இருந்தால் இதைக் கொடுங்கள்:

```
pdffonts sottuneer-ta-v1.pdf
```

வரும் பட்டியலில் `emb` என்ற நெடுவரிசையில் எல்லா வரியிலும் `yes` இருக்க வேண்டும். ஒரு வரியில் `no` இருந்தாலும் அந்த ஃபைலை அச்சுக்கு விடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் `yes` என்று இருந்தும் கட்டம் தெரிகிறது என்றால், அனேகமாக நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பிடிஎஃப் அல்ல, `.odt` ஃபைல். அதில் எழுத்துருவைப் பொதிக்கவில்லை. திறக்கிற கணினியில் நோட்டோ இல்லாவிட்டால், கணினி தன்னிடம் உள்ள வேறொன்றைப் போட்டு நிரப்பும். விண்டோஸ் என்றால் பெரும்பாலும் நிர்மலா வரும். அப்போது எழுத்து சரியாகவே இருக்கும், ஆனால் அகலம் மாறுவதால் வரிகள் இடம் மாறி, 36 பக்கம் 37 ஆகவும் கூடும். இதே மாதிரி, பழைய வேர்டு ஃபைல்களில் லதா எழுத்துருவில் அடித்ததெல்லாம் விண்டோஸ் 10-ல் வேறு முகத்தில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் லதா தானாக வருவதில்லை, தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைத் தனியாக நிறுவினால்தான் வரும். ஃபைல் கெட்டுப்போனதாக நினைத்து மறுபடி அடிக்க வேண்டாம்.

‘சொட்டு’ இருக்க வேண்டிய இடத்தில் nrhl;L என்று இருக்கிறது

இது பாமினி. அந்த வகைப் பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்து வைத்திருப்பார்கள். ‘n’ இடத்தில் கொம்பு, ‘r’ இடத்தில் ச, ‘h’ இடத்தில் கால். அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். இல்லாத இடத்தில் உள்ளே உண்மையில் இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே தெரிந்துவிடும்.

நான் அனுப்பியது முழுக்க யூனிகோடு. ஆகவே இப்படித் தெரிந்தால் வழியில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பெரும்பாலும் அச்சகத்தில் பழைய பேஜ்மேக்கர் வைத்திருப்பவர்கள்தான் இந்த மாற்றத்தைக் கேட்பார்கள். மாற்றுவது அவர்கள் வசதி, நான் தடுக்கவில்லை. ஆனால் மாற்றியபின் மெய்ப்பு மறுபடி முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். முக்கியமாக எண்ணும் அலகும் கலந்து வரும் இடங்கள். எழுத்துமாற்றி, ‘pH’, ‘mm’ போன்ற ஆங்கில எழுத்துகளை அப்படியே விட்டுவிடும். பிறகு பத்தி முழுவதற்கும் பாமினியைப் போட்டால் அவையும் தமிழ் எழுத்தாகத் தெரியும். `mm` என்பது ‘அஅ’ ஆகிவிடும். 16 மி.மீ. லேட்டரல் என்று நான் தமிழிலேயே எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘சொ’ இருக்க வேண்டிய இடத்தில் à®šà¯Š என்று இருக்கிறது

எழுத்து கெடவில்லை, படிக்கிற மென்பொருள் தவறான குறிமுறையில் படிக்கிறது. இது பிடிஎஃப்பில் வராது. `.txt` ஃபைலை எக்செல்லிலோ பழைய மென்பொருளிலோ நேரடியாகத் திறந்தால் வரும். திறக்கும்போது குறிமுறை கேட்கும் இடத்தில் `UTF-8` என்று தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். இந்த நிலையில் மட்டும் ஃபைலைச் சேமித்துவிடாதீர்கள். சேமித்துவிட்டால் என்னிடம் உள்ள பிரதியைக் கேளுங்கள், அதைச் சரிசெய்துகொண்டிருப்பதைவிட அது சுலபம்.

பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை. காப்பி எடுத்து ஒட்டினால் ‘ெசாட்டு’ என்று வருகிறது

பத்தில் எட்டு முறை எனக்கு வருகிற புகார் இதுதான், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிடிஎஃப் என்பது அடிப்படையில் வரைபடம். இந்த இடத்தில் இந்த வடிவத்தை வை என்ற கட்டளைகளின் தொகுப்பு. ‘சொ’ என்பதை அது இடமிருந்து வலமாக மூன்று வடிவமாக வைக்கிறது: கொம்பு, ச, கால். கண்ணுக்கு அது ‘சொ’. ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்து காப்பி எடுக்கும்போது, பிடிஎஃப் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய எழுத்தை வைத்த வரிசையிலேயே எடுத்துக் கொடுக்கிறது. கொம்பு முன்னால் வந்துவிடுகிறது, ச அதற்குப் பின், கால் கடைசியில். தமிழ் எழுத்துமுறையில் கொம்பு தனக்கு முன்னால் ஒரு மெய்யைத் தேடும். முன்னால் ஒன்றும் இல்லாததால் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தை வரைந்து அதன்மேல் தொற்றிக்கொள்ளும். முன்னால் வேறு சொல் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், அந்தச் சொல்லின் கடைசி எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தேடலும் இதே அடுக்கில்தான் நடக்கிறது. நீங்கள் ‘சொட்டு’ என்று சரியாக அடித்துத் தேடுகிறீர்கள், ஃபைலுக்குள் இருப்பதோ ‘ெசாட்டு’. கிடைக்காது. ஆனால் ‘வால்வு’ என்று தேடிப் பாருங்கள், கிடைக்கும். ‘வடிகட்டி’யும் கிடைக்கும். அவற்றில் கொம்பு இல்லை. ‘வால்வு’ கிடைத்து ‘சொட்டு’ கிடைக்கவில்லை என்றால் நோய் இதுதான், வேறு எதுவும் இல்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. வரைந்த வடிவத்துக்கு அடியிலேயே, இதன் உண்மையான எழுத்து இது என்று தனியாக எழுதி வைக்கலாம். நான் ஃபைலை உருவாக்கும்போது அதற்கான வசதியைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அதைப் படித்துப் பார்த்து மதிக்கிற மென்பொருளும் உண்டு, கண்டுகொள்ளாத மென்பொருளும் உண்டு. அதனால் ஒரே ஃபைலில் உங்கள் அலுவலகக் கணினியில் தேடல் வேலை செய்யலாம், களப் பணியாளரின் செல்போனில் செய்யாமல் போகலாம். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

தீர்வு எளிது. எதையாவது தேட வேண்டும், காப்பி எடுக்க வேண்டும் என்றால் `.txt` ஃபைலைப் பயன்படுத்துங்கள். அதில் எழுத்து ஒலிக்கிற வரிசையில் இருக்கிறது, பக்க எண்ணும் ஒவ்வொரு பக்கத் தொடக்கத்திலும் குறித்திருக்கிறேன். பிடிஎஃப்பிலேயே தேட வேண்டும் என்றால் கொம்பு வராத துண்டைத் தேடுங்கள். ‘சொட்டுநீர்’ என்பதற்குப் பதில் ‘ட்டுநீர்’.

பிடிஎஃப்பை வேர்டில் திறந்து திருத்த முயன்றாலும் இதே கதைதான். வேர்டு அதைத் திறக்கும், ஆனால் இந்த உடைந்த வரிசையை வைத்துத்தான் திறக்கும். பக்கத்துக்கு நூறு ‘பிழை’ தெரியும். அவற்றில் ஒன்றுகூடக் கையேட்டில் இல்லை. முன்பு ஒரு வேலையில் மெய்ப்புப் பார்த்தவர், அப்படி மாற்றிய வேர்டு ஃபைலில் மிகுந்த சிரத்தையோடு ஒவ்வொரு கொம்பையும் பிடித்து இடம் மாற்றி, இரண்டு நாள் உழைத்து அனுப்பினார். அந்தத் திருத்தங்களுக்கு நடுவே உண்மையான பிழைகள் நான்கு இருந்தன. அவற்றைத் தேடி எடுக்க எனக்கு அரைநாள் ஆனது, அவருடைய இரண்டு நாளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. உங்கள் ஆட்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. பார்வையற்றவர்களுக்காக உரக்கப் படிக்கும் மென்பொருளும் இந்த அடுக்கைத்தான் படிக்கிறது. கையேட்டை இணையத்தில் போடும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குப் பிடிஎஃப்பை மட்டும் போட்டால் போதாது, எழுத்தாகவே ஒரு பக்கம் வேண்டும். அதை நான் தனியாகத் தருகிறேன்.

அச்சகம் அனுப்பிய புது ஃபைலில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். இங்கே காப்பி எடுத்தால் சரியாக வரும், கண்ணுக்குத்தான் தவறாகத் தெரியும். ச முதலில், அப்புறம் கொம்பு, அப்புறம் கால். சில இடங்களில் நடுவே புள்ளி வட்டமும் இருக்கும். அச்சகத்தில் லேஅவுட் செய்கிறவர் என் எழுத்தை இன்டிசைனில் ஒட்டியிருப்பார். அதில் வரி அமைக்கும் பொறி இரண்டு வகை. ஆங்கிலத்துக்கான வழக்கமான பொறி, கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று அறியாதது. `Paragraph` பலகத்தின் மெனுவில் `Adobe World-Ready Paragraph Composer` என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து தன் இடத்துக்கு வந்துவிடும். பத்தி பாணியிலேயே அதை வைத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒட்டுகிற ஒவ்வொரு பத்தியும் மறுபடி உடையும்.

ஒரு வேண்டுகோள். யாரும் கையால் கொம்பை நகர்த்திச் சரிசெய்ய வேண்டாம். கண்ணுக்குச் சரியாகும், உள்ளே எழுத்து கெடும். அடுத்த பதிப்பில் சரியான பொறியைப் போட்டவுடன் அத்தனையும் திரும்ப உடைந்து நிற்கும்.

பக்க அமைப்பு ஆங்கிலத்தோடு ஒத்துப்போகவில்லை

ஆங்கிலக் கையேடு 32 பக்கம், தமிழ் 36. தமிழ் எழுத்து அகலம், சொல்லும் நீளம். பக்கங்களைக் குறைக்க எழுத்தின் அளவைக் குறைத்திருக்கலாம். ஆனால் இது மோட்டார் ரூமில் ஆணியில் மாட்டி வைத்துப் படிக்கிற புத்தகம். எழுத்து 11 பாயிண்டிலும் வரிகள் 16 பாயிண்ட் இடைவெளியிலும் இருக்கின்றன. அதற்குக் கீழே போனால் மேல்வரியின் ‘சு’, ‘டு’ கீழே இறங்கி அடுத்த வரியின் புள்ளியையும் விசிறியையும் தொட ஆரம்பிக்கும். 36 நான்கால் வகுபடுகிற எண், மடித்துத் தைக்க வெற்றுப் பக்கம் மிஞ்சாது.

மேல்வரியின் புள்ளி வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால், மூல ஃபைலை எடுத்து வரி இடைவெளியை யாரோ இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘அமிலம்’ என்பது ‘அமிலம’ என்று அச்சாகிவிடும். எழுத்துப் பிழை என்று நினைத்து என்னிடம் வரும், ஆனால் இடைவெளியைத் திரும்ப 16 ஆக்கினால் புள்ளி வந்துவிடும்.

பத்திகளின் வலது ஓரம் சீராக இல்லையே என்று கேட்பீர்கள். தெரிந்தேதான் அப்படி விட்டேன். இரண்டு பக்கமும் நேராக்கினால், ‘குழாய்களுக்கிடையேயுள்ள’ மாதிரி ஒரு சொல் அடுத்த வரிக்குப் போகும்போது மேல்வரியில் மிச்சமிருக்கும் மூன்று சொற்கள் ஒன்றை விட்டு ஒன்று ஓடிப்போய் நிற்கும். தத்தித் தத்திப் படிக்கிறவருக்கு அந்த ஓட்டை பெரிய தடை.

அச்சில் எழுத்து சிறியதாக வந்தால் பிரிண்டர் பெட்டியில் `Fit` என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். `Actual size` என்று மாற்றுங்கள். பக்கம் ஏ5 அளவு, 148-க்கு 210 மி.மீ. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக எடுத்து அனுப்பாமல், ஆவணமாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் சொல்லியிருப்பது தவறு

இதுதான் நான் உண்மையில் பயப்படுகிற வகை. இதில் கணினி எதுவும் எச்சரிக்காது.

21-ம் பக்கத்தில் அமிலச் சிகிச்சை வருகிறது. குழாயில் படிந்த உப்பைக் கரைக்க நீரோடு அமிலம் கலக்கும் இடம். என் முதல் வரைவில் அந்த வரி இப்படி இருந்தது: ‘பிறகு அமிலத்தில் நீரை மெதுவாகச் சேர்க்கவும்.’ இப்போது இருப்பது: ‘பிறகு நீரில் அமிலத்தை மெதுவாகச் சேர்க்கவும்.’ எழுத்துப் பிழை இரண்டிலும் இல்லை. இரண்டு சொல்லின் வேற்றுமை உருபு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முதல் வாக்கியத்தின்படி செய்கிறவரின் முகத்தில் அமிலம் தெறிக்கும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே சூடேறிக் கொதித்துச் சிதறும். நீர் நிறைய இருந்து அமிலம் கொஞ்சமாகச் சேர்ந்தால் அந்தச் சூட்டை நீர் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் முறை வாசிக்கும்போது, ஆங்கிலத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் உரக்கப் படித்தபோதுதான் எனக்கு இது காதில் விழுந்தது. நான்கு நாள் என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

அதனால் கேட்கிறேன்: 20 முதல் 22 வரை உள்ள பக்கங்களை, அமிலச் சிகிச்சையைக் கையால் செய்த ஒருவர், ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் படிக்க வேண்டும். அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை மட்டும் படித்து ஒருவர் செய்தால் சரியாகச் செய்வாரா? 14-ம் பக்க அட்டவணையையும் அப்படியே. அதில் எத்தனை நாளைக்கு ஒருமுறை எதைக் கழுவ வேண்டும் என்று இருக்கிறது. ஒரு வரி மேலே கீழே நழுவினாலும் கண்ணுக்குத் தெரியாது.

பிழையைத் தெரிவிக்கும் விதம்

பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்ட வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். கையால் அடியுங்கள், அல்லது அந்த இடத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். பிடிஎஃப்பில் மஞ்சள் குறிப்பு ஒட்டத் தெரிந்தால் அது இன்னும் நல்லது. எனக்குத் தேவையானது எந்த ஃபைல், எந்தப் பக்கம், எந்த வரி, என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், ஏன் என்பது. இப்படி:

v1, பக்கம் 17, 2-வது பத்தி, 3-வது வரி.
இருப்பது: ‘எண்ட் கேப்பை மூடி நீரை ஓடவிடவும்.’
வேண்டியது: ‘எண்ட் கேப்பைக் கழற்றி நீரை ஓடவிடவும்.’
காரணம்: மூடியிருந்தால் அழுக்கு வெளியேறாது.

கடைசி வரியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் அதுதான் எனக்கு அதிகம் உதவுவது. காரணம் தெரிந்தால் அதே தவறு வேறு எங்கே இருக்கும் என்று நானே தேடிவிடுவேன். ‘17-ம் பக்கம் சரியில்லை’ என்று மட்டும் வந்தால் நான் ஃபோன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

செய்கிறவருக்கு ஆபத்து, கருவிக்குச் சேதம், எண் தவறு: இவற்றை மெயிலில் சேர்த்து வைக்காதீர்கள், கண்ட உடனே ஃபோன் செய்யுங்கள். எழுத்துப் பிழைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே முறை அனுப்பினால் போதும்.

இந்தச் சொல்லைவிட அந்தச் சொல் நன்றாக இருக்குமே என்று தோன்றுவது மூன்றாவது வகை. அதையும் சொல்லுங்கள், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் குறிக்க வேண்டாம், ஒரு முறை சொன்னால் போதும். லேட்டரல், வென்சுரி, எண்ட் கேப், வால்வு என்று எழுதியிருக்கிறேன். கடையில் கேட்கும்போது விவசாயி அப்படித்தான் கேட்பார். ஃபில்டரை மட்டும் ‘வடிகட்டி’ என்று எழுதினேன், அந்தச் சொல் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். உங்கள் களப் பணியாளர்கள் ‘ஃபில்டர்’ என்பதே மேல் என்றால் மாற்றிவிடலாம். ஆனால் அந்த மாற்றத்தை என்னிடம் விடுங்கள். மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘வடிகட்டியை’ என்பது ‘ஃபில்டர்யை’ ஆகும், ‘வடிகட்டியில்’ என்பது ‘ஃபில்டர்யில்’ ஆகும். ஒவ்வொன்றையும் ‘ஃபில்டரை’, ‘ஃபில்டரில்’ என்று கையால்தான் மாற்ற வேண்டும்.

சந்தியும் அப்படியே. ‘சொட்டுநீர்ப் பாசனம்’ என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் மற்ற வெளியீடுகளில் ஒற்று இல்லாமல்தான் போடுவீர்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள், முழுவதும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறேன். பாதிப் பக்கங்களில் இருந்து பாதியில் இல்லாமல் போவதுதான் கூடாது.

சரிபார்ப்பவர்கள் இருவரும் ஒரே இடத்துக்கு வேறு வேறு திருத்தம் சொன்னால், எது வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து அனுப்புங்கள். அதை நான் தேர்ந்தெடுப்பது முறையல்ல.

திருத்தியதும் `sottuneer-ta-v2.pdf` என்று பெயர் மாற்றி, எந்தப் பக்கத்தில் என்ன மாறியது என்ற பட்டியலுடன் அனுப்புவேன். ஏற்காத திருத்தம் இருந்தால் அதையும் காரணத்தோடு அந்தப் பட்டியலில் எழுதுவேன். அது வந்தவுடன் v1-ஐ எல்லாரும் அழித்துவிடட்டும். 21-ம் பக்கம் பற்றி மட்டும், படித்தவர் ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்னாலும் அதை எனக்கு ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். அந்த வரி வரும்வரை v2-ஐ அச்சுக்கு விடச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மொழிபெயர்ப்பாளர்